இருபது தடவை போகிறவருக்கு அடைப்பா?

*என் மாமனாருக்கு 69 வயது. பிறையில் எங்களோடு இருக்கிறார். ஐந்தாறு மாதமாக ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பாத்ரூம் போகிறார். சில வாரங்களாகப் படுக்கையும் நனைகிறது. விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் விரிப்பை அவரே அலசிப் போட்டுவிடுகிறார். சர்க்கரை இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால் வீங்கியதால் கிளினிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் நடுத்தர அளவு வீங்கியிருக்கிறது, சிறுநீர் போய்விட்டு வந்த பிறகும் பையில் 780 மில்லி மிச்சம் என்று எழுதியிருக்கிறது. கிரியேட்டினின் 348. டாக்டர் இன்றே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். மாமா வர மறுக்கிறார், "இருபது தடவ போறவனுக்கு அடைப்பா?" என்கிறார். நிறைய தண்ணீரும் இளநீரும் குடித்தால் சரியாகிவிடுமா? டயாலிசிஸ் வரை போகுமா?*
*— ஒரு மருமகள், பிறை*

இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் மாமனார் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார் என்றால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனைத் தாள், அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். நிபுணரிடம் தேதி வாங்கிக் காத்திருக்கிற விஷயம் இல்லை இது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இந்த அளவுக்கு ஏறியவரின் இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறியிருக்கலாம். அது எல்லை மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல். அங்கே போனதும் முதலில் ஈசிஜி எடுப்பது அதற்காகத்தான்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அடைப்பு என்றால் ஒரு சொட்டும் வராது, வயிறு வெடிக்கிற மாதிரி வலிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். திடீரென்று அடைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். மாதக்கணக்கில் மெதுவாக அடைத்தால் கதையே வேறு.

பினாங்கில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கடல் பெருக்கு நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகிறது? கால்வாய்த் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் தேங்கி, தெருவுக்கு ஏறுகிறது. அப்போதும் கால்வாயின் வாயில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் தெருவில் மட்டம் இறங்காது. மாமாவின் சிறுநீர்ப்பையில் நடப்பது அதுதான். வழிகிறது, வடிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 60 மில்லி என்று வைத்துக்கொள்வோம், இருபது தடவைக்கு 1,200 மில்லி. அது கிட்டத்தட்ட ஒரு நாளின் முழுச் சிறுநீர். அளந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வெளியே போகிற மாதிரிதான் தெரியும். ஆனால் அவருடைய பை 840க்கும் 780க்கும் நடுவிலேயே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக 400, 500 மில்லியில் நிறைந்து, போய்விட்டு வந்தால் ஏறக்குறைய காலியாக வேண்டிய பை அது. காலி என்ற நிலையையே பல மாதமாகப் பார்க்கவில்லை. 60 மில்லி சேர்ந்ததுமே மறுபடி நிறைந்துவிடுகிறது, மறுபடி ஓட வேண்டியிருக்கிறது. அவர் இருபது தடவை போவதே அடைப்பு இருப்பதால்தான்.

வலி இல்லாததற்கும் காரணம் இந்த மெதுவான வேகம்தான். ஒரே இரவில் நிறைந்த பை அலறும். ஆறு மாதமாக விரிந்த பை பழகிப் போய்விடும்.

படுக்கை நனைவதைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். வாழ்நாள் முழுக்க அப்படிப் பழக்கமில்லாத ஒரு வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைக்க ஆரம்பித்தால், எங்கள் துறையில் வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதை முழுசாக வடியாத பை என்றே எடுத்துக்கொள்வோம். பகலில் வாயிலைப் பிடித்துவைத்திருக்கும் தசை தூக்கத்தில் தளர்கிறது. உள்ளே அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருப்பதால், தளர்ந்த நேரத்தில் வழிந்துவிடுகிறது. வயசாகிவிட்டது, அடக்க முடியவில்லை என்று குடும்பமே முடிவு கட்டி டயப்பர் வாங்கிக் கொடுத்துவிடுவதும் உண்டு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒருவர் வந்தார். ஒரு கிளினிக்கில் பையின் துடிப்பை அடக்கும் மாத்திரையை மூன்று மாதம் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே வடியாத பையைச் சுருங்கவிடாமலும் செய்தது அந்த மாத்திரை. அடிவயிறு புடைத்திருந்தது, தொப்பை என்று அவரே தட்டிச் சிரித்தார். குழாய் போட்டதும் இரண்டு லிட்டருக்கு மேல் வந்தது, தொப்பையும் போனது.

மாமாவுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்றால் இதையே செய்யலாம். பாத்ரூம் போய்விட்டு வந்ததும் அவரை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் தொப்புளிலிருந்து கீழ்நோக்கி விரலால் தட்டிக்கொண்டு வரட்டும். குடல் இருக்கிற இடத்தில் தட்டினால் காலி டின் மாதிரி ஒலிக்கும். நிறைந்த பைக்கு மேல் தட்டினால் சத்தம் மந்தமாகிவிடும், மேடாகவும் தெரியலாம். இப்போதுதான் போய்விட்டு வந்த பை அது. பருமனானவர்களுக்கு இது சரியாகத் தெரியாது, அதனால் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். ஸ்கேன் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

இதை உங்கள் கணவர் பேசினால் நல்லது. மருமகளுக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தில்தான் அவர் விடியற்காலையில் விரிப்பை அலசுகிறார். அந்தக் கூச்சமும் சேர்ந்துதான் அவரை வர மறுக்க வைக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது ஸ்கேன். கிட்னி வீக்கம் என்ற சொல் மாதிரி ஆளைக் குழப்புவது வேறில்லை. கால் வீங்குவது போலக் கிட்னியின் சதை உப்பிவிடவில்லை. ஒவ்வொரு கிட்னிக்கும் நடுவில் சிறுநீர் சேரும் ஓர் அறை இருக்கிறது. அதிலிருந்து கிண்ணம் கிண்ணமாகக் கிளைகள் சதைக்குள் போகும். அந்த அறையும் கிண்ணங்களும் விரிந்திருப்பதைத்தான் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று எழுதுகிறோம். ஸ்கேன் திரையில் சதை சாம்பல் நிறம், நடுப்பகுதி கொழுப்பினால் வெள்ளை, திரவம் கறுப்பு. சாதாரணக் கிட்னியில் நடுவில் வெள்ளைதான் தெரியும். தேங்கும்போது அந்த வெள்ளையைப் பிளந்துகொண்டு கறுப்பு வருகிறது. கொஞ்சம் என்றால் நடுவில் ஒரு கறுப்புக் கீற்று. நடுத்தரம் என்றால் கிண்ணங்களும் உருண்டு, கறுப்பு விரல்கள் ஒரு கறுப்பு உள்ளங்கையில் சேர்கிற மாதிரி தெரியும். கடுமையாகிவிட்டால் சுற்றியிருக்கும் சாம்பல் சதை மெலிந்துபோகும்.

அறிக்கையில் நான் முதலில் தேடுவது கடைசியில் சொன்ன அந்தச் சதையைத்தான். உங்கள் தாளில் சதையின் தடிமன் இயல்பு என்றோ மெலிந்திருக்கிறது என்றோ ஒரு வரி இருக்கும், பாருங்கள். அறை எவ்வளவு விரிந்தது என்பதைவிட, வேலை செய்யும் சதை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் பின்னால் எவ்வளவு தேறும் என்பதைக் காட்டும்.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. அது விரிந்திருப்பதைக் காட்டும். அடைப்பை நேரில் காட்டாது. ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துப் பையை முட்ட நிரப்பிக்கொண்டு படுத்தாலே சிலருக்கு இரண்டு பக்கமும் லேசாக விரிந்து தெரியும். போய்விட்டு வந்து பார்த்தால் மறைந்துவிடும். அதனால்தான் போன பிறகு எவ்வளவு மிச்சம் என்று அளப்பது முக்கியம். உங்கள் கிளினிக் அதை அளந்திருக்கிறது, நல்ல வேலை. இரண்டு பக்கமும் விரிந்து, போன பிறகும் 780 மில்லி நின்று, கிரியேட்டினினும் ஏறியிருந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. இரண்டு கிட்னிக்கும் பொதுவான இடத்தில், பைக்குக் கீழே, ஏதோ மறிக்கிறது. 69 வயதில் அது பெரும்பாலும் பெருத்துப்போன புரோஸ்டேட் சுரப்பிதான்.

அது ஏன் கிட்னி வரை போகிறது? கிட்னியிலிருந்து பைக்கு வரும் குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம். சிறுநீர் அதில் சும்மா ஒழுகி இறங்குவதில்லை. குழாய் அலை அலையாகச் சுருங்கித் தள்ளிவிடுகிறது. பைக்குள் அழுத்தம் குறைவாக இருக்கும்வரை அந்தத் தள்ளல் போதும். பை எந்நேரமும் இறுகி நின்றால் தள்ளித் தள்ளிக் குழாய் ஓய்ந்து, விரிந்து, தேக்கம் மேலே ஏறிவிடும். வடிகட்டும் சதை எதிர் அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கழிவு இரத்தத்தில் சேர்கிறது, உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன. அந்தக் கால் வீக்கம் பெரும்பாலும் இதனால்தான்.

ஆகையால் தண்ணீர் நிறைய குடிப்பது இதற்கு மருந்தே இல்லை. தெருவில் வெள்ளம் நிற்கும்போது மேலும் மழை பெய்த மாதிரிதான். தாகத்துக்குக் குடிக்கட்டும், அவ்வளவு போதும். இளநீரை இப்போது கண்ணிலேயே காட்டாதீர்கள். சூட்டுக்கு நல்லது என்று கொடுப்பார்கள், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். வாழைப்பழமும் அப்படித்தான். நம் ஊரில் பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழம் அதைவிட மோசம். கிட்னி வேலை குறைந்தவர்களுக்கு விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும் நஞ்சு அதில் இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி, மூக்கடைப்பு மாத்திரைகளில் பல, பையின் வாயிலை மேலும் இறுக்கும் அல்லது பையைச் சோம்பலாக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது போடுகிறார் என்றால் நிறுத்துங்கள், அவசரப் பிரிவில் அதைச் சொல்லவும் வேண்டும்.

மருத்துவமனையில் செய்யப்போகும் முதல் சிகிச்சை கேட்க ஏமாற்றமாக இருக்கும். மரக்கச் செய்யும் ஜெல்லைப் போட்டு, சிறுநீர்த் துவாரம் வழியாக ஒரு மெல்லிய குழாய். கத்தீட்டர் என்பார்கள். போடும்போது அசௌகரியம், ஒரு நிமிடம் போல. எவ்வளவு வந்தது என்று எழுதிவைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் வரும் என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரே தடவையில் முழுசாக வடிப்பதால் பெரிய தீங்கு இல்லை என்பதே இப்போதைய அனுபவம். ஓரிரு நாள் குழாயில் இளஞ்சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக வந்து குழாயை அடைத்தால் மட்டும் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

குழாய் போட்டதும் வீட்டுக்குப் போகலாமே என்று மாமா கேட்பார். போகக் கூடாது. அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கவனம் தேவைப்படும் நேரம்.

சில காலம் முன்பு பார்த்த ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சற்று மாற்றி. 71 வயது, மாமாவைப் போலவே வலியில்லாத தேக்கம், கிரியேட்டினின் 520. குழாயில் முதலில் 1,400 மில்லி வந்தது. அப்புறம் நிற்கவில்லை. மணிக்கு 400 மில்லி வீதம் நான்கைந்து மணி நேரம் கொட்டியது. முதல் நாள் மட்டும் ஏறக்குறைய 7 லிட்டர். குடும்பத்துக்குச் சந்தோஷம், கிட்னி திறந்துகொண்டது என்று. எங்களுக்குக் கவலை. தங்கிப்போன உப்பும் நீரும் வெளியேறுவது நல்லதுதான்; ஆனால் அழுத்தத்தில் கிடந்த கிட்னிக்கு நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் திறமை சில நாளைக்கு மழுங்கியிருக்கும். தேவையில்லாததைத் தாண்டித் தேவையானதையும் விட்டுவிடும். இரத்த அழுத்தம் விழும், சோடியமும் பொட்டாசியமும் தடம் மாறும். அதனால் மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து இரண்டு மணி நேரம் வந்தாலே உஷாராகிவிடுவோம். ஒவ்வொரு மணியும் அளப்போம், தினம் எடை பார்ப்போம், படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்ப்போம், இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்போம். வெளியேறியதில் பாதி அளவுதான் சொட்டாக ஏற்றினோம். முழுவதையும் ஏற்றினால் ஏற்றிய தண்ணீரே மறுபடி கொட்டும். அதற்கு முடிவே இருக்காது. எழுந்து நின்றதும் அவருக்கு ஒரு தடவை தலைசுற்றியது, ஏற்றும் அளவைக் கூட்டினோம். மூன்றாம் நாள் ஓட்டம் அடங்கியது, எடை ஐந்து கிலோ குறைந்தது, கால் வீக்கம் வற்றியது.

அவருடைய கிரியேட்டினின் மூன்றாம் நாள் 290, பத்தாம் நாள் 165, ஆறாவது வாரம் 140. அதற்குக் கீழே இறங்கவில்லை. உங்கள் டயாலிசிஸ் கேள்விக்கு என் பதிலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. வடித்தவுடன் சில நாட்களில் வேகமாக இறங்கும், அப்புறம் மெதுவாக, ஓர் இடத்தில் நிற்கும். எங்கே நிற்கும் என்பதை அடைப்பு எத்தனை காலம் இருந்தது, சதை எவ்வளவு மிஞ்சியது என்பவைதான் தீர்மானிக்கும். 348இல் இருக்கிற ஒருவருக்குக் குழாய் போட்ட பிறகு டயாலிசிஸ் தேவைப்படாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். பொட்டாசியம் கட்டுக்கடங்காமல் இருந்தால் ஓரிரு முறை தற்காலிகமாகச் செய்யலாம். பழைய முழு ஆரோக்கியம் திரும்பும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்த எண்ணைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தமிழ்நாட்டு இணையப் பக்கங்களில் கிரியேட்டினின் 1.2 வரை இயல்பு என்று பார்த்துவிட்டு 348ஐக் கண்டு நடுங்குகிறவர்கள் உண்டு. மலேசிய ஆய்வகங்கள் மைக்ரோமோல் கணக்கில் தருகின்றன. ஆண்களுக்கு ஏறக்குறைய 60 முதல் 110 வரை இயல்பு. 88ஆல் வகுத்தால் அந்தப் பக்கத்துக் கணக்கு வரும். மாமாவுக்கு 4க்குச் சற்றுக் கீழே. மோசம்தான், முந்நூறு மடங்கு மோசம் இல்லை.

பை காலியான பிறகு கிட்னியை மறுபடி ஸ்கேன் செய்வார்கள். கறுப்பு உடனே மறையாது. நீண்ட நாள் விரிந்த அறை சுருங்கச் சில வாரமாகும். கிரியேட்டினின் இறங்கிக்கொண்டிருந்தால் மிச்ச விரிவைக் கண்டு பதற வேண்டாம். பை காலியாக இருந்தும் கிரியேட்டினின் அசையவில்லை, விரிவும் குறையவில்லை என்றால்தான் விஷயம் வேறு. தடிப்பேறிய பையின் சுவரோ, ஒரு கட்டியோ கிட்னியிலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் வாயிலேயே நெரிக்கலாம். அப்போது சிடி எடுப்பார்கள். மேலிருந்து வழி திறக்க, உள்ளே ஸ்டென்ட் என்கிற சிறு குழாய் வைப்பார்கள் அல்லது முதுகு வழியாகக் கிட்னிக்கே நேராகக் குழாய் போடுவார்கள். புரோஸ்டேட்டை விரலால் தொட்டுப் பார்ப்பதும் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காகத்தான். புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையை அந்த வாரமே எடுத்து எண் ஏறியிருந்தால் உடனே கலங்காதீர்கள். தேக்கமும் குழாயும் அதை ஏற்றிவிடும், சில வாரம் கழித்து எடுத்தால்தான் நம்பலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. நன்றாகிவிட்டது, குழாயை எடுத்துவிடுங்கள் என்று நோயாளி வற்புறுத்துவார். சில இடங்களில் எடுத்தும் விடுவார்கள். திடீரென்று அடைத்துக்கொண்டவர்களுக்கு மாத்திரை கொடுத்துக் குழாயை எடுத்துப் பார்ப்பது வழக்கம்தான். கிட்னியையே பாதித்த இந்த வகைக்கு அது பொருந்தாது. எடுத்தவுடன் அவர் நன்றாகத்தான் போவார், வலியும் இருக்காது, இரண்டு மாதத்தில் கிட்னி மறுபடி பழைய இடத்துக்கு வந்து நிற்கும். புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சை நடக்கும் வரை குழாய் இருக்கட்டும். கிட்னி நிலைப்பட்ட பிறகு, துவாரம் வழியாகவே சுரப்பியைச் சீவி எடுக்கும் அந்தச் சிகிச்சையைச் செய்வார்கள். இப்படி அழுத்தம் உயர்ந்த பைகள் இன்னும் சுருங்கும் வலிமையோடு இருப்பவை என்பதால் பெரும்பாலும் நன்றாகவே வடிய ஆரம்பிக்கும்.

அதுவரை குழாயோடு வீட்டில் இருப்பார். குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். சாதாரண ரப்பர் குழாய் என்றால் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், சிலிக்கான் என்றால் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும். எது போட்டிருக்கிறார்கள் என்று வெளியேறும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் எதுவும் சேரவில்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அவர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி இல்லை என்றாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த இரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.